வீட்டைத் திரும்பக் கேட்கும் கடிதம்



வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர், தம் வீட்டில் குடியிருப்பவருக்கு, "ஒப்பந்தக் காலம் முடிந்தபின் மேலும் புதுப்பிக்க இயலாது, இன்ன தேதியில் வீட்டைக் காலி செய்து கொடுங்கள்" என்று எழுதும் கடிதத்தைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் பல்லாண்டுகள் கடிதம் எழுதக் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னரும் எங்கள் ஊரில் கடிதம் எழுத வேண்டியவர்கள் என்னை நாடி வருவதுண்டு. வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதிலும் கடன் கேட்டு எழுதுவதிலும் படாத பாட்டை இந்த ஒரு கடிதத்தில் அவர்கள் படுவதைக் கண்டிருக்கிறேன். கடுமையாக எழுதினால் மனம் புண்படும்; மென்மையாக எழுதினால் பொருள் விளங்காமற் போகும் என்பது அவர்களுடைய கவலை. மரியாதையும் தெளிவும் ஒரே கடிதத்தில் எவ்வாறு சேர்ந்து நிற்க முடியும் என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

ஒரு நகராட்சி எல்லைக்குள் மாடியும் கீழுமாக உள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் சொந்தக்காரர் இருக்கிறார், வயது அறுபத்தைந்து. கீழ்ப்பகுதியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கணவன், மனைவி, பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண். மாத வாடகை 9,000 ரூபாய்; முன்பணம் மூன்று மாத வாடகையாகிய 27,000 ரூபாய். ஒப்பந்தம் 2025-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதி தொடங்கி, 2026-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதியோடு முடிகிறது. நம் வழக்கப்படி பதினொரு மாத ஒப்பந்தம். சொந்தக்காரருடைய மகன் வெளியூரிலிருந்து மாற்றலாகி, மே மாதத்தில் மனைவி மக்களோடு வந்து சேரப் போகிறார். அவருக்குக் கீழ்ப்பகுதி வேண்டும். அதற்குமுன் சமையலறைத் தளத்தையும் கழிவுநீர்க் குழாயையும் பழுது பார்க்க வேண்டும்.

உறவினர்கள் அவருக்கு இரண்டு விதமான யோசனை சொல்கிறார்கள். ஒருவர், "ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறது; முதல் தேதியே சாவியைக் கேளுங்கள்; ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் பிறகு அவர்களைக் கிளப்ப முடியாது" என்கிறார். மற்றொருவர், "பெண்ணுக்குப் பரீட்சை இருக்கிறது, இப்போது ஒன்றும் எழுதாதீர்கள், பரீட்சை முடிந்ததும் வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொள்ளலாம்" என்கிறார். முதல் யோசனையில் இரக்கம் இல்லை. இரண்டாவது யோசனையில் இரக்கம் இருக்கிறது. ஆனால் அது இரு குடும்பத்தாரையும் தொல்லையில் கொண்டுபோய் விடக்கூடியது. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தில், வாடகை உரிமை எப்படி முடிவடைகிறது என்பதைக் கூறும் 111-ஆம் பிரிவு ஒன்று உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கென்று கொடுக்கப்பட்ட வாடகை உரிமை, அந்தக் காலம் கழிந்ததும் தானே முடிவடைகிறது என்பது அது கூறும் வழிகளுள் முதலாவது. அப்படியானால் கடிதமே வேண்டுவதில்லையே என்று தோன்றும். ஆனால் அதே சட்டத்தின் 116-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காலம் முடிந்த பின்னும் குடியிருப்பவர் வீட்டிலேயே தங்கியிருக்க, சொந்தக்காரர் அவரிடம் வாடகை வாங்கிக்கொண்டாலோ, வேறு வகையில் சம்மதம் காட்டினாலோ, மாறான உடன்பாடு இல்லாத நிலையில், அந்த வாடகை உரிமை புதுப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். குடியிருப்பு வீடாயின் அது மாதத்துக்கு மாதம் தொடரும் உரிமையாகிறது.

இப்போது இரண்டாவது உறவினருடைய யோசனையின் விளைவைப் பாருங்கள். ஜனவரி 31 கழிகிறது. பிப்ரவரி ஐந்தாம் தேதி கீழ்வீட்டம்மாள் வழக்கம்போல 9,000 ரூபாயைக் கொண்டுவந்து கொடுக்கிறார். சொந்தக்காரரும் வழக்கம்போல வாங்கிக்கொள்கிறார். இருவர் மனத்திலும் வஞ்சகம் இல்லை. ஆனால் பழைய முடிவுத் தேதி அன்றோடு தன் வலிமையை இழந்துவிடுகிறது. குடியிருப்பவர், "புதுப்பித்துவிட்டார்" என்று நம்புகிறார். அப்படி நம்புவது நியாயமே. சொந்தக்காரர், "பரீட்சை வரையில்தான்" என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார். மே மாதத்தில் மகன் பெட்டி படுக்கையோடு வந்து நிற்கும்போது, ஒருவர் மனத்தில் இருந்த தேதி மற்றவருக்குத் தெரியாது என்பது வெளிப்படுகிறது. எழுதாமல் விட்ட இரக்கம் இப்படித்தான் மனக்கசப்பாக முடிகிறது.

ஆகவே கடிதத்தின் முதல் வேலை தேதியை நிலைநிறுத்துவது. அதில் இரண்டு தேதிகள் தெளிவாக இருக்க வேண்டும்: ஒப்பந்தம் என்று முடிகிறது என்பது ஒன்று, வீட்டை என்று ஒப்படைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே நாளாக இருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். "கூடிய விரைவில்", "தங்களுக்கு வசதிப்படும்போது", "பொங்கலுக்குப் பிறகு" என்பன போன்ற சொற்றொடர்கள் பணிவாகத் தோன்றினாலும் படிப்பவருக்கு அவை உதவுவதில்லை. வேறு வீடு தேடிக்கொண்டிருப்பவர், புதிய வீட்டுக்காரரிடம், "நான் மே முதல் தேதி வருகிறேன்" என்று சொல்லக்கூடியவராய் இருக்க வேண்டும். அதற்கு அவர் கையில் ஒரு தேதி வேண்டும்.

நம் உதாரணத்தில் ஒப்பந்தம் முடிவது ஜனவரி 31. பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் நடப்பது. பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்கும்போது ஒரு குழந்தை வீடு மாறுவது எத்தகைய இடையூறு என்பதை ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் நான் அறிவேன். படிக்கும் மேசை இருக்குமிடம் மாறும். பள்ளிக்குப் போகும் வழி மாறும். புத்தக மூட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடுவதிலேயே ஒரு வாரம் போகும். மகன் வருவது மே மாதத்தில் என்பதால், ஏப்ரல் 30 வரையில் அவகாசம் கொடுக்கச் சொந்தக்காரருக்கும் இடமிருக்கிறது. பழுது பார்க்கும் வேலையை மே முதல் வாரத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். தேதியை ஏப்ரல் 30 என்று வைப்பதே இரு குடும்பத்துக்கும் பொருந்துவது.

ஆனால் ஜனவரி 31-க்கும் ஏப்ரல் 30-க்கும் இடைப்பட்ட மூன்று மாதத்தை வெறும் வாய்வார்த்தையில் விடலாகாது. விட்டால், முன் சொன்ன தொல்லைதான். அதற்கு நேரான வழி ஒன்று உண்டு. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஏப்ரல் 30-ஆம் தேதி வரையில் மூன்று மாதத்துக்கு மட்டும், தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் எழுதிய புதிய ஒப்பந்தம் ஒன்றை, ஜனவரி 31-க்கு முன்னதாகவே இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது. அப்போது பிப்ரவரியில் வாங்கும் வாடகைக்கு ஐயத்துக்கிடமில்லாத பொருள் ஒன்று கிடைத்துவிடுகிறது: அது அந்த மூன்று மாதத்தில் ஒரு மாதத்துக்குரிய வாடகை. "இது வாடகை அன்று, உபயோகக் கட்டணம்" என்று பெயரை மாற்றி ரசீது எழுதிக் கொடுத்தால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். பெயரைவிட நடப்பு எத்தகையது என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கும். நேர்மையான சிறு ஒப்பந்தமே பாதுகாப்பானது.

தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் வீட்டு வாடகையை இப்போது ஆள்வது, 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த, சொந்தக்காரர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் தெரிவித்துப் பதிவும் செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. மூன்று மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும் என்று கொண்டு அதையும் பதிவு செய்துவிடுவதே நல்லது. குறித்த நாளில் குடியிருப்பவர் காலி செய்யாவிட்டாலும், சொந்தக்காரர் தாமே பூட்டை உடைக்கவோ சாமான்களை வெளியில் எடுத்து வைக்கவோ முடியாது. அந்தச் சட்டத்தின்படி அமைந்த வாடகை நீதிமன்றத்தை அணுகித்தான் வீட்டைப் பெற வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆதலின் "காலி செய்யாவிட்டால் குழாயை மூடிவிடுவேன்" என்று கடிதத்தில் எழுதுகிறவர், தம்மால் செய்யக்கூடாத ஒன்றைத் தம் கையெழுத்திலேயே எழுதிக் கொடுக்கிறார். அந்தக் கடிதம் பின்னர் அவருக்கு எதிராகவே படிக்கப்படும்.

அடுத்து, காரணம். காரணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. காலம் முடிந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது சொந்தக்காரருடைய உரிமையே. எனினும் காரணம் அறியாதவர், தம்மேல் ஏதோ குற்றம் கண்டுவிட்டார்கள் என்றே நினைப்பார். அடுத்த தெருவில் வீடு கேட்கப் போகும்போது, "முன்னே இருந்த வீட்டை ஏன் விட்டீர்கள்?" என்பதுதான் அவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி. அதற்கு அவர் நேராகப் பதில் சொல்லும்படியான காரணம் ஒன்றைக் கடிதம் கொடுக்க வேண்டும்.

அந்தக் காரணம் ஒன்றாக இருக்கட்டும், உண்மையாக இருக்கட்டும், சொந்தக்காரரைப் பற்றியதாக இருக்கட்டும். "மகன் வருகிறான்; தவிரவும் நீங்கள் மாடிப்படியில் செருப்பு விடுகிறீர்கள்; சென்ற மாதம் வாடகை நான்கு நாள் தாமதம்" என்று அடுக்கினால், முதற் காரணம் சாக்காகிவிடுகிறது; குறைகளே உண்மையான காரணம் என்று படிப்பவர் முடிவு செய்கிறார். வாடகை பாக்கி இருக்குமானால் அதைத் தனியே வேறொரு கடிதத்தில் எழுதுவது நல்லது. கூடுதல் வாடகைக்கு வேறொருவர் வருகிறார் என்பதே உண்மையானால், "இவ்வளவு வாடகை எதிர்பார்க்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிக் குடியிருப்பவருக்கே முதல் வாய்ப்பைக் கொடுக்கலாம். மகன் வருவதாகப் பொய் எழுதிவிட்டு, மறுமாதமே வாசலில் வாடகைப் பலகையைத் தொங்கவிடுகிறவரைத் தெரு முழுவதும் பார்க்கிறது. பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சொந்த உபயோகத்துக்காக வீடு கேட்டு வந்தவர்களுடைய தேவை நேர்மையானதுதானா என்று நீதிமன்றங்கள் துருவி ஆராய்ந்தன. எழுதிய காரணத்தை மெய்ப்பிக்கும்படி என்றேனும் கேட்கப்படலாம் என்ற நினைவோடுதான் எழுத வேண்டும்.

மூன்றாவது, பணம். குடியிருப்பவருடைய நிலையிலிருந்து பார்த்தால், தேதிக்கு அடுத்தபடியாக அவரை வருத்துவது முன்பணமே. புதிய வீட்டுக்காரர் சாவி கொடுக்குமுன் முன்பணம் கேட்பார். பழைய வீட்டுக்காரரோ சாவி வாங்கிய பின்புதான் முன்பணத்தைத் திருப்புவார். இரண்டுக்கும் நடுவில், மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு முன்பணத்துக்கு ஈடு கொடுக்க வேண்டியிருக்கிறது. பலர் தேதி தவறுவதற்குப் பிடிவாதம் காரணம் அன்று. இந்தப் பண நெருக்கடியே காரணம். இதைத் தீர்க்கச் சொந்தக்காரரால் எளிதில் முடியும். புதிய வீட்டின் ஒப்பந்தத்தைக் காட்டியதும் முன்பணத்தில் பாதியை, அதாவது 13,500 ரூபாயை, முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மீதி 13,500 ரூபாயைச் சாவி வாங்கும் நாளில் கொடுக்கலாம். அந்தப் பாதியை வைத்துக்கொண்டே மின்கட்டணம் முதலிய பாக்கிகளுக்கு ஈடு செய்துகொள்ள முடியும். இப்படி எழுதுவதால் சொந்தக்காரருக்கு நட்டம் இல்லை. அவர் குறித்த தேதி நிறைவேறுவதற்கு அதைவிட நல்ல உதவியும் இல்லை.

அதோடு, கடைசி மாதங்களின் வாடகையை முன்பணத்திலேயே கழித்துக்கொள்வதா, தனியே கொடுப்பதா என்பதையும் கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் குடியிருப்பவர் ஒன்றை எதிர்பார்ப்பார்; சொந்தக்காரர் மற்றொன்றை எதிர்பார்ப்பார்.

இனி, மேற்சொன்ன உதாரணத்துக்குரிய கடிதத்தையே படித்துக் காட்டுகிறேன். நவம்பர் 20-ஆம் தேதியிட்டது. ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதத்துக்கு மேலேயே கால இடைவெளி இருக்கிறது.

"அன்புடையீர், வணக்கம்.

எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியைத் தங்களுக்கு வாடகைக்குக் கொடுத்த ஒப்பந்தம், 2026 ஜனவரி 31-ஆம் தேதியோடு முடிவடைகிறது. அதனை மேலும் பதினொரு மாதத்துக்குப் புதுப்பிக்க எங்களுக்கு இயலாத நிலை ஏற்பட்டிருப்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். என் மகன் மாற்றலாகிக் குடும்பத்தோடு மே மாதத்தில் இங்கே வருகிறார். அவர்கள் குடியிருக்க அந்தப் பகுதி எங்களுக்குத் தேவைப்படுகிறது. இது தவிர வேறு காரணம் இல்லை. தாங்கள் வீட்டைப் பேணியதிலும் வாடகை செலுத்தியதிலும் எங்களுக்கு எக்குறையும் இல்லை. புதிய வீட்டுக்காரர் யாரேனும் கேட்டால் இதை நான் நேரிலும் சொல்வேன்.

தங்கள் மகளுக்கு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் அரசுத் தேர்வு இருப்பதை அறிவோம். ஆகவே தாங்கள் விரும்பினால், 2026 பிப்ரவரி 1-ஆம் தேதி முதல் ஏப்ரல் 30-ஆம் தேதி வரையில், மூன்று மாதத்துக்கு மட்டும், இதே வாடகையில் தனி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். அது ஏப்ரல் 30-ஆம் தேதியோடு முடிவடையும். அதற்குமேல் நீட்டிக்க எங்களால் இயலாது. அந்த ஒப்பந்தத்தில் ஜனவரி 15-ஆம் தேதிக்குள் கையொப்பமிட வேண்டுகிறேன். அது தங்களுக்கு வேண்டுவதில்லையாயின், ஜனவரி 31-ஆம் தேதி மாலைக்குள் வீட்டை ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

வாடகையை மாதந்தோறும் வழக்கம்போலச் செலுத்தி வருக. முன்பணம் 27,000 ரூபாயில் 13,500 ரூபாயைத் தாங்கள் வேறு வீட்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டதைத் தெரிவித்ததும் கொடுத்துவிடுகிறேன். மீதியை, மின்கட்டணப் பாக்கி இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, சாவி ஒப்படைக்கும் நாளிலேயே கொடுக்கிறேன். பெற்றுக்கொண்டமைக்கு அடையாளமாக இக்கடிதத்தின் நகலில் கையொப்பமிட்டுத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு, தங்கள் அன்புள்ள..."

இந்தக் கடிதத்தில் கடுமையான சொல் ஒன்றும் இல்லை. தளர்ந்த சொல்லும் இல்லை. "இயலாது" என்று இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டு இடத்திலும் உடனே காரணமோ, மாற்று வழியோ தொடர்கிறது. "முயற்சி செய்து பாருங்கள்", "கூடுமானால்" போன்ற சொற்கள் தேதியின் பக்கத்தில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். "விரும்பினால்" என்ற சொல் மூன்று மாத ஒப்பந்தத்தைப் பற்றி வருகிறது. காலி செய்வதைப் பற்றி வரவில்லை. குடியிருப்பவர் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு தேதியே கிடைக்கிறது.

கடிதத்தை அனுப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருக்கிறவர்களுக்கு, நேரில் சென்று உட்கார்ந்து, செய்தியை வாயாலும் சொல்லி, கடிதத்தையும் கொடுத்து, நகலில் கையொப்பம் பெறுவதே மரியாதை. தபால்காரர் மூலம் மாடியிலிருந்து கீழே கடிதம் வந்தால் அது வழக்குக்கு அறிகுறி போலத் தோன்றும். கையொப்பமிட மறுத்தாலோ, ஊரில் இல்லாவிட்டாலோதான் தபாலில் அனுப்ப வேண்டும். பழைய பதிவுத் தபால் சேவை 2025-ஆம் ஆண்டில் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆதலின் விரைவுத் தபாலில், கொடுக்கப்பட்டதற்குச் சான்று கிடைக்குமாறு அனுப்பி, சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

அனுப்பிய பிறகு என்ன செய்யலாகாது என்பதும் முக்கியம். மாதம் தோறும் ஒரு நினைவூட்டல், அதில் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய தேதி என்று எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. காலி செய்யச் சொல்லும் அறிவிப்புக் கொடுத்தவர், வாடகை உரிமை தொடர்வதாகக் கருதுகிறார் என்பதைக் காட்டும் செயல் எதையேனும், மற்றவருடைய சம்மதத்தோடு செய்தால், அந்த அறிவிப்பைக் கைவிட்டவராகிறார். அந்தப் பிரிவே இரண்டு உதாரணங்கள் தருகிறது. அறிவிப்பின் காலம் கழிந்த பின், அதற்குப் பிறகு சேர்ந்த வாடகையை வாங்கிக்கொள்வது ஒன்று. காலம் கழிந்த பின்னும் குடியிருப்பவர் தங்கியிருக்க, இரண்டாவது அறிவிப்பு ஒன்றைக் கொடுப்பது மற்றொன்று. எண்ணம் என்ன என்பதைச் சூழ்நிலையோடு பார்த்தே நீதிமன்றம் முடிவு செய்யும் என்றாலும், இரண்டாவது கடிதம் முதலாவதற்கு வலு சேர்ப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்க, அது முதலாவதன் அடியையே பறித்துவிடக்கூடும் என்பது விளங்குகிறது. நினைவூட்ட வேண்டுமானால், "நவம்பர் 20-ஆம் தேதிக் கடிதத்தில் குறித்த நாளில் மாற்றம் இல்லை" என்ற ஒரு வரி போதும். குறித்த நாள் கழிந்தும் வீடு கிடைக்கவில்லையென்றால், புதிய கடிதம் எழுதுமுன்பும், கொண்டுவந்து கொடுக்கும் பணத்தை வாங்குமுன்பும் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது.

கடிதத்தைப் பெறுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. பதில் எழுதாமல் இருந்துவிடுவது வழக்கமாகப் போய்விட்டது. "தங்கள் கடிதம் கிடைத்தது, மூன்று மாத ஒப்பந்தத்துக்குச் சம்மதம், ஏப்ரல் 30-ஆம் தேதி ஒப்படைக்கிறோம்" என்று மூன்று வரி எழுதிவிட்டால், மாடியில் இருப்பவர் உறவினர்களுடைய பேச்சைக் கேட்டுத் தூக்கமின்றித் தவிக்க வேண்டுவதில்லை. அந்தத் தேதிக்குள் வீடு கிடைப்பது அரிது என்று தோன்றினால், அதையும் மார்ச்சு மாதத்திலேயே எழுதிவிட வேண்டும். ஏப்ரல் 29-ஆம் தேதி இரவு சொல்வது, லாரிக்குச் சொல்லிவிட்ட மகனுக்கும் தொல்லை. கெஞ்ச வேண்டிய நிலைக்கு வரும் தமக்கும் தொல்லை.

கடைசியாக, ஏப்ரல் 30 மாலை. சாமான்கள் ஏறிவிட்டன. சொந்தக்காரரும் குடியிருந்தவரும் சேர்ந்து ஒருமுறை வீட்டைச் சுற்றி வருகிறார்கள். மின்அளவியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். எத்தனை சாவி கொடுக்கப்பட்டது, மீதி முன்பணத்தில் என்ன கழிந்தது, எவ்வளவு திருப்பப்பட்டது என்பதை அரைத்தாளில் எழுதி, தேதியிட்டு, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கிறார்கள். நவம்பரில் எழுதிய கடிதம் நிறைவு பெறுவது இந்த அரைத்தாளில்தான். இது இல்லாமற் போனால், சாவி என்று கொடுக்கப்பட்டது, எந்த நாள் வரையில் வாடகை என்ற கேள்வி ஆறு மாதம் கழித்தும் எழக்கூடும். அந்தத் தாளில் மகளின் பரீட்சையைப் பற்றிக் குறிப்பு ஏதும் இராது. ஆனால் அவள் தன் பழைய மேசையிலேயே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்து முடித்திருப்பாள்.